x² + xy + y² = 7 : விடையில 42 எங்கயிருந்து வந்தது?

முள்ளியவளை_பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் இரண்டாம் வருசம், இணைந்த கணிதம். இந்தக் கணக்கில மூண்டு நாளா நிக்கிறன்.

x² + xy + y² = 7 எண்ட வளையிக்கு இரண்டாம் பெறுதி காணவேணும். y ஐப் பிரிச்செடுக்காமல் அப்பிடியே வகையிடச் சொல்லியிருக்கு. கீழ y' எண்டால் dy/dx, y'' எண்டால் இரண்டாம் பெறுதி.

முதல் படியில பிரச்சினை இல்லை:

```
2x + y + x y' + 2y y' = 0
y' = -(2x + y)/(x + 2y)
```

அதை வகுத்தல் விதியால திரும்ப வகையிட்டன். தொகுதியில கனக்க உறுப்பு வெட்டுப்பட்டுது:

```
y'' = -3(y - x y')/(x + 2y)²
```

இதுக்குள்ள y' ஐப் பிரதியிட்டுச் சுருக்க வந்தது:

```
y'' = -6(x² + xy + y²)/(x + 2y)³
```

புத்தகத்தின்ர பின்பக்கத்தில விடை -42/(x + 2y)³. ரியூசன் சேர் "சுருக்கினால் வரும்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டார். சுருக்க அதில என்ன இருக்கு? இரண்டும் ஒண்டோ எண்டு பாக்க x = 1, y = 1 போட்டன். என்ர விடை -2/3 வருது. புத்தக விடை -14/9 வருது. ஒண்டு இல்லைத்தானே? புத்தகம் பிழையோ, நான் பிழையோ?

அறிவியல்நகர்_முதல்வருடம்

தங்கச்சி, ரெண்டும் சரி. நீங்கள் போட்ட புள்ளிதான் பிழை.

(1, 1) அந்த வளையியில இல்லை. போட்டுப் பாருங்கோ, 1 + 1 + 1 = 3. ஏழு வரேல்லை. y'' எண்டு நாங்கள் கண்டது வளையியில நிக்கிற புள்ளிகளுக்கு மட்டும்தான். (1, 2) ஐ எடுங்கோ, 1 + 2 + 4 = 7. இப்ப உங்கட விடை -6 × 7/125, புத்தக விடை -42/125. ஒண்டுதான்.

உங்கட தொகுதியில நிக்கிற x² + xy + y² ஐத் திரும்பப் பாருங்கோ. கணக்கின்ர முதல் வரியே அதுதான். அதுக்குப் பதிலா 7 போட்டால் 42.

ஒரு விசயம் ஞாபகம் வச்சிருங்கோ: வளையியின்ர சமன்பாட்டை இரண்டாம் பெறுதி எல்லாம் எடுத்து முடிச்ச பிறகுதான் போடவேணும். இடையில போட்டுப்போட்டு வகையிட்டால் கணக்குப் பிழைச்சிடும்.

முள்ளியவளை_பிள்ளை

ஐயோ, அந்த வரி கண்ணுக்கு முன்னாலதான் இருந்திருக்கு. நன்றி அண்ணா. ஆனா ஒண்டு கேக்கிறன். எப்பிடி அது சரியா அதே உருவத்தில வந்து நிண்டது? இந்தக் கணக்குக்கு மட்டும் அப்பிடிச் செய்து வச்சிருக்கினமோ?

குளக்கட்டு

நான் படிப்பை விட்டு இருபது வருசம் தாண்டீட்டுது. இப்ப வாய்க்கால், துருசு எண்டு நீர்ப்பாசன வேலையோட திரியிறன். ஆனாலும் கணக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது.

எனக்கு விளங்காதது, ஏன் y ஐப் பிரிச்செடுக்காமல் இவ்வளவு பாடுபடவேணும்? இது y இல ஒரு இருபடிச் சமன்பாடுதானே. நேற்று இரவு கொப்பியில செய்து பார்த்தன்:

```
y = ( -x + √(28 - 3x²) )/2
```

வர்க்கமூலத்தை s எண்டு வச்சன். s² = 28 - 3x². அதை வகையிட s s' = -3x. திரும்ப வகையிட்டுச் சுருக்க s'' = -84/s³ வந்தது. -x/2 எண்ட துண்டு இரண்டாம் முறை வகையிட இல்லாமல் போயிடும். ஆக y'' = -42/s³.

42 எனக்கும் வருது! ஆனா கீழ x + 2y இல்லை, s தான் இருக்கு. எங்க பிழைச்சன்?

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

தம்பி குளக்கட்டு, பிழைக்கவில்லை. நீங்கள் எழுதிய முதல் வரியை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 2y = -x + s. அப்படியென்றால் s = x + 2y. உங்கள் விடையும் புத்தக விடையும் ஒன்றே. பகுதியில் நிற்கும் x + 2y வேறொன்றுமில்லை, நீங்கள் கண்ட அந்த வர்க்கமூலம்தான். முப்பது வருடத்துக்கு மேல் இதைப் படிப்பித்திருக்கிறேன், ஒரு பிள்ளையாவது இந்த வழியால் போய் இரண்டையும் பொருத்திக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வர்க்கமூலத்துக்கு முன்னால் + போட்டீர்கள். அது நீள்வட்டத்தின் மேல் பாதி. கீழ்ப் பாதிக்கு - போடவேண்டும், அப்போது x + 2y = -s. ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியே வகையிட வேண்டியிருந்திருக்கும். y ஐப் பிரிக்காமல் செய்தால் இரண்டு பாதியும் ஒரே விடைக்குள் அடங்கிவிடுகிறது, குறியை x + 2y தானே சுமந்துகொள்கிறது.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

மகள், உங்கள் வகுத்தல் விதி வழி சரி. ஆனால் நான் வகுப்பில் அதைச் செய்விப்பதில்லை. y' ஐப் பிரித்தெடுக்க முதல், இந்த வரியில் நில்லுங்கள்:

```
2x + y + (x + 2y) y' = 0
```

இதை அப்படியே இன்னொருமுறை வகையிடுங்கள். பின்னமே இல்லை, பெருக்கல் விதி மட்டும்.

```
2 + y' + (1 + 2y') y' + (x + 2y) y'' = 0
(x + 2y) y'' = -2( 1 + y' + y'² )
```

அடைப்புக்குள் இருப்பதைப் பாருங்கள். 1 + y' + y'². உங்கள் வளையி x² + xy + y². இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. x இருந்த இடத்தில் 1, y இருந்த இடத்தில் y'. இப்போது y' ஐப் பிரதியிட்டால் தொகுதியில் வருவது

```
(x + 2y)² - (x + 2y)(2x + y) + (2x + y)²
```

விரித்தால் x² இன் குணகம் 1 - 2 + 4 = 3. xy இன் குணகம் 4 - 5 + 4 = 3. y² இன் குணகம் 4 - 2 + 1 = 3. ஆக 3(x² + xy + y²), அதாவது 21. முன்னால் நிற்கும் இரண்டோடு 42.

இந்தக் கணக்குக்கென்று செய்துவைத்ததல்ல. ax² + 2hxy + by² = c என்று எதை எடுத்தாலும் இப்படித்தான் வரும்:

```
y'' = (h² - ab) c / (hx + by)³
```

h² = ab என்று வைத்துப் பாருங்கள். விடை பூச்சியம். அப்போது இடப்பக்கம் முழுவர்க்கமாகிவிடும், (x + y)² = 4 போல. அது வளையியே அல்ல, ஒரு சோடி நேர்கோடு. நேர்கோட்டுக்கு இரண்டாம் பெறுதி பூச்சியம்தானே.

அடுத்தது அறிவியல்நகர்த் தம்பி சொன்ன அறிவுரை. அதில் பாதி சரி, பாதி சரியில்லை. இரவு எழுதுகிறேன். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகவேண்டும்.

கரிப்பட்டமுறிப்பு

எல்லாரும் நல்லா எழுதுறீங்கள். என்ர மகனுக்கும் இதே மாதிரிப் பிரச்சினை, அதால கேக்கிறன். அவனுக்குக் குடுத்தது x = at², y = 2at. இரண்டாம் பெறுதி காணச் சொல்லி. அவன் y ஐ t யால ரெண்டுதரம் வகையிட்டு, x ஐயும் ரெண்டுதரம் வகையிட்டு, மேலயும் கீழயும் போட்டிருக்கிறான். மேல 0, கீழ 2a. விடை 0 எண்டு எழுதினதுக்கு ரீச்சர் பெரிய பிழை போட்டிருக்கிறா. நீங்கள் சொல்லுற ஏழைப் போடுற முறையை இதுக்கு எப்பிடிப் பாவிக்கிறது?

மல்லாவி_மிஸ்

ஐயா, உங்கட மகன்ர கணக்கு வேற வகை. அதில ஏழைப் போடுற வேலை இல்லை. ஆனா இஞ்ச வந்தபடியால சொல்லுறன்.

dy/dx = 2a/(2at) = 1/t. இதுவரை சரி. இனி இந்த 1/t ஐ t யால வகையிட்டு, வந்ததைத் திரும்பவும் dx/dt ஆல பிரிக்கவேணும். -1/t² ஐ 2at ஆல பிரிக்க -1/(2at³). மகன் விட்ட பிழை, வகையிடுறது t யாலயோ x ஆலயோ எண்டதை இரண்டாம் முறை மறந்தது.

அவர் தன்ர விடையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. t ஐ இல்லாமல் செய்தால் y² = 4ax. இதை இஞ்ச செய்யிற மாதிரி வகையிட்டால் y' = 2a/y, y'' = -4a²/y³. y = 2at போட்டால் அதே -1/(2at³). இரண்டாம் பெறுதி பூச்சியம் எண்டால் பரவளைவு நேர்கோடாப் போயிருக்கும் எண்டு மகனுக்குச் சொல்லுங்கோ, அவருக்கே விளங்கும்.

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

மிஸ் அழகாகச் சொல்லிவிட்டா. நான் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

"வளையியின் சமன்பாட்டை இடையில் போடக்கூடாது" என்பது விதி அல்ல. இடையில் போடக்கூடாதது புள்ளியின் பெறுமானம். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வளையியின் சமன்பாடு வளையி நெடுகிலும் உண்மை. அடுத்த புள்ளியிலும் உண்மை, அதற்கடுத்த புள்ளியிலும் உண்மை. அதனால் எந்தப் படியிலும் போடலாம், போட்டபின் வகையிடவும் செய்யலாம். (1, 2) என்ற புள்ளி அப்படி இல்லை. அங்கே மட்டும்தான் x = 1. அதைப் போட்ட உடனேயே y' = -4/5 என்று ஓர் எண்ணாகிவிடும். எண்ணை வகையிட்டால் பூச்சியம். வருடா வருடம் இரண்டு மூன்று பிள்ளைகளாவது y'' = 0 என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். புள்ளியைப் போடுவதென்றால், இரண்டு முறையும் வகையிட்டு முடிந்த வரியில் போடுங்கள்:

```
(x + 2y) y'' = -2( 1 + y' + y'² )
5 y'' = -2( 1 - 0.8 + 0.64 ) = -1.68
y'' = -0.336
```

42/125 உம் 0.336 தான். ஒரு புள்ளியில் மட்டும் பெறுமானம் கேட்டால் y'' ஐச் சுருக்கவே தேவையில்லை, இந்த வரி போதும்.

வளையியின் சமன்பாட்டை இடையிலேயே போடுவது நன்மை தரும் கணக்கும் உண்டு. e^y = xy ஐ எடுங்கள். வகையிட்டால் e^y y' = y + x y'. y' = y/(e^y - x). இங்கேயே e^y இருக்கும் இடத்தில் xy ஐப் போட்டுவிடுங்கள்.

```
y' = y / ( x(y - 1) )
```

அடுக்குக்குறி போய்விட்டது. இதை வகையிடுவது எவ்வளவு இலேசு என்று பாருங்கள். முடிவில் வருவது

```
y'' = -y( (y - 1)² + 1 ) / ( x² (y - 1)³ )
```

போடாமல் போயிருந்தால் e^y ஐயும் e^(2y) ஐயும் கடைசிவரை காவிக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

அறிவியல்நகர்_முதல்வருடம்

சேர், ஒத்துக்கொள்ளுறன். எனக்கு ரியூசனில அப்பிடித்தான் சொல்லித் தந்தவை, நான் அதையே பிடிச்சுக்கொண்டிருந்திட்டன். புள்ளிக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்ப வடிவா விளங்குது.

ஆனா இன்னொண்டு. y'' = -42/(x + 2y)³ எண்டால், x + 2y நேராக இருக்கிற பக்கம் y'' மறை, x + 2y மறையாக இருக்கிற பக்கம் y'' நேர். குறி மாறுற இடம் x + 2y = 0. குறி மாறினால் விபத்திப் புள்ளி. அப்ப இந்த நீள்வட்டத்தில ரெண்டு விபத்திப் புள்ளி இருக்கவேணும். ஆனா படத்தைக் கீறிப் பார்த்தால் முட்டை மாதிரி ஒரே வளைவாத்தான் கிடக்கு. எனக்கு விடை சரி, படமும் சரி, ரெண்டும் பொருந்தேல்லை.

குளக்கட்டு

தம்பி, என்ர s ஐப் பாருங்கோ. s = 0 ஆகிற இடத்தில 28 - 3x² = 0. அதுக்கு அங்கால x ஐக் கூட்டினால் வர்க்கமூலத்துக்குள்ள மறை எண் வருது. அங்கால வளையியே இல்லை. குளத்தின்ர ரெண்டு அந்தலை மாதிரி, வலப்பக்கக் கடைசிப் புள்ளியும் இடப்பக்கக் கடைசிப் புள்ளியும்தான் அது. நீங்கள் குறி மாறுது எண்டு சொல்லுறது மேல் கட்டிலயிருந்து கீழ் கட்டுக்கு வாறது. ஒரு கட்டிலயே நடந்து போகேக்க மாறேல்லை.

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

x + 2y = 0 ஆகும் இடத்தில் தொடலி நிலைக்குத்து. x = -2y என்று வளையியில் போட்டால் 3y² = 7. அந்த இரண்டு புள்ளியிலும் y' உம் இல்லை, y'' உம் இல்லை. அந்தப் புள்ளியைச் சுற்றி y ஐ x இன் சார்பு என்று சொல்லவே முடியாது, ஒரு x க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு y. விபத்திப் புள்ளி என்றால் வளையி அந்த இடத்தில் தொடலியைக் கடந்து மறுபக்கம் போகவேண்டும். இங்கே வளையி முழுக்கத் தொடலிக்கு ஒரே பக்கத்தில் நிற்கிறது.

இதைத்தான் சுருக்கிய விடை உடனே காட்டுகிறது. தொகுதியில் 42 என்று ஒரு மாறிலி. அது ஒருபோதும் பூச்சியமாகாது. சுருக்காமல் y - x y' என்று விட்டிருந்தால், "இது பூச்சியமாகும் இடம் எங்கே" என்று சமன்பாடு தீர்க்க இறங்கியிருப்பீர்கள்.

முள்ளியவளை_பிள்ளை

சேர், ஒண்டு கேக்கிறன். சோதினையில நான் -6(x² + xy + y²)/(x + 2y)³ எண்டு விட்டால் புள்ளி வெட்டுவினமோ?

மல்லாவி_மிஸ்

என்ர கருத்து, வெட்டக்கூடாது. "x, y சார்பாகக் காண்க" எண்டு மட்டும் கேட்டால் நீங்கள் எழுதினது முழுச் சரி. வளையியில நிக்கிற எந்தப் புள்ளிக்கும் சரியான பெறுமானம் தரும். நான் வகுப்புச் சோதினையில முழுப்புள்ளி குடுப்பன்.

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

நான் ஒரு புள்ளி குறைப்பேன், மிஸ். 7 என்று தெரிந்த ஒன்றை 7 என்று எழுதாமல் விட்டால், பிள்ளை அதைக் காணவில்லை என்றுதான் எனக்குத் தெரியும். கண்டிருந்தால் எழுதியிருக்கும். "எனக் காட்டுக" என்று விடையைத் தந்து கேட்டால் அந்த வரி எப்படியும் வேண்டும்.

மல்லாவி_மிஸ்

"காட்டுக" எண்டால் சரி. "காண்க" எண்டதுக்கு நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை, சேர். சுருக்கச் சொல்லாத இடத்தில சுருக்காததுக்கு என்னெண்டு புள்ளி குறைக்கிறது?

அது கிடக்கட்டும். பிள்ளை, உங்களுக்கு ஒரு கணக்குத் தாறன். இதில மாறிலி ஒரு பக்கமும் இல்லை. x³ + y³ = 3xy. 1638 இல டேக்கார்ட் தொடலி காணச் சொல்லி ஃபெர்மாவுக்கு விட்ட சவாலில வந்த வளையி இது. இதை y க்குத் தீர்க்கப் போனால் குளக்கட்டு அண்ணாவும் களைச்சுப்போவார். y'' ஐக் கண்டு சுருக்கி விடுங்கோ பாப்பம்.

முள்ளியவளை_பிள்ளை

மிஸ், வாத்தியார் சேர் சொன்ன மாதிரிப் பின்னம் இல்லாமல் செய்தன். மூண்டால பிரிச்சு:

```
x² + y² y' = y + x y'
2x + 2y y'² + y² y'' = 2y' + x y''
(y² - x) y'' = 2y' - 2x - 2y y'²
```

y' = (y - x²)/(y² - x). பிரதியிட்டுப் பகுதியை ஒண்டாக்க, தொகுதியில இது வருது (கலண்டர் தாளின்ர பின்பக்கம் முழுக்க எழுதிச் சரிபார்த்தன்):

```
2( -xy + 3x²y² - xy⁴ - x⁴y )
```

இதில x³ + y³ எங்கயும் இல்லை. x³ உம் y³ உம் தனியா இருந்தது வெட்டுப்பட்டுப் போச்சு. எனக்கு இனிச் சுருக்கத் தெரியேல்லை. பிழையோ?

அறிவியல்நகர்_முதல்வருடம்

பிழை இல்லை. x⁴y ஐயும் xy⁴ ஐயும் பாருங்கோ. ரெண்டுக்குள்ளயும் xy பொதுவா இருக்கு.

முள்ளியவளை_பிள்ளை

ஓ!

```
-2xy( 1 - 3xy + x³ + y³ )
```

x³ + y³ - 3xy = 0. அடைப்புக்குள்ள 1 மட்டும் மிஞ்சுது!

```
y'' = -2xy/(y² - x)³
```

முதல் கணக்கில ஏழைப் போட்டன், இதில பூச்சியத்தைப் போட்டிருக்கிறன். (3/2, 3/2) வளையியில இருக்கோ எண்டு முதல் பார்த்தன். 27/8 + 27/8 = 27/4, மற்றப்பக்கம் 3 × 9/4, சரி. அதில y' = -1, y'' = -32/3. பின்னம் இல்லாத வரியில போட்டும் பார்த்தன்: (3/4) y'' = -2 - 3 - 3 = -8. அதே -32/3.

மல்லாவி_மிஸ்

கெட்டிக்காரி. முதலில புள்ளி வளையியில இருக்கோ எண்டு பார்த்ததுதான் எனக்கு நல்லாப் பிடிச்சது.

இதில கவனிக்கவேண்டியது, முதல் கணக்கு மாதிரி சமன்பாடு முழுசா வந்து முன்னால நிக்காது. உறுப்புகளுக்குள்ள பரவிக் கிடக்கும். படி கூடின உறுப்பு ரெண்டையும் எடுத்து, அவைக்குள்ள என்ன பொதுவா இருக்கு எண்டு பாக்கவேணும். அந்தப் பொதுக் காரணியை வெளியில எடுத்தால் மிச்சம் வளையியின்ர உறுப்பாகவே இருக்கும். அப்பிடி ஒண்டும் கிடைக்காட்டி, பத்தில எட்டுத்தரம் முன்னால எங்கயோ ஒரு குறி பிழைச்சிருக்கும்.

கரிப்பட்டமுறிப்பு

மிஸ், பத்தில மிச்ச ரெண்டுதரம்?

மல்லாவி_மிஸ்

சில வளையிக்கு சுருங்காது, ஐயா. விடை நீளமாகவே இருக்கும். சோதினைக்கு வாறது பெரும்பாலும் சுருங்கிற கணக்கு, அதால பிள்ளைகள் எல்லாம் சுருங்கும் எண்டு நினைச்சுவிடுகினம்.

குளக்கட்டு

இந்த இலை வளையியைக் கீறிப் பார்த்தன். (0, 0) இல தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகுது. அதில பிள்ளையின்ர விடைக்கு x = 0, y = 0 போட்டால் 0/0. அந்த இடத்தில வளைவு எவ்வளவு எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? வாய்க்கால் வளைவு கீறிப் பழகின எனக்கு அது தெரியாமல் நித்திரை வராது.

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

0/0 வந்தால், அந்தப் புள்ளிக்கு ஒரு விடை இல்லை என்று சூத்திரமே சொல்கிறது. அங்கே இரண்டு கிளை வெட்டுகின்றன. எந்தக் கிளையைக் கேட்கிறீர்கள் என்று நாம்தான் சொல்லவேண்டும்.

x அச்சைத் தொட்டுக்கொண்டு போகும் கிளையை எடுங்கள். அதில் y மிகச் சிறிது, y³ ஐ விட்டுவிடலாம். x³ = 3xy, ஆகவே y ஏறத்தாழ x²/3. இரண்டாம் பெறுதி 2/3. இதைப் பிள்ளையின் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். தொகுதி -2x · x²/3. பகுதியில் y² ஐ x க்கு முன்னால் விட்டுவிடலாம், -x இன் கனம், அதாவது -x³. பிரித்தால் 2/3. கிளை வழியே வந்து சேர்ந்தால் சூத்திரம் சரியான விடையைத்தான் தருகிறது.

முள்ளியவளை_பிள்ளை

சேர், அப்ப மற்றக் கிளை? அது y அச்சைத் தொட்டுக்கொண்டு நிலைக்குத்தாப் போகுது. அதில x ஏறத்தாழ y²/3 எண்டு எழுதினன். y² - x = 2y²/3 வருது. தொகுதி -2y³/3. பகுதி 8y⁶/27. பிரிக்க -9/(4y³). y பூச்சியத்துக்குப் போக இது எல்லை இல்லாமல் போகுது. ஒரு பக்கத்தால மறை, மற்றப் பக்கத்தால நேர். நீள்வட்டத்தின்ர அந்தலையில நடந்ததுதானோ இதுவும்?

ஒட்டுசுட்டான்_வாத்தியார்

அதேதான் மகள். x ஐ y இன் சார்பாக எடுத்து, d²x/dy² ஐக் கண்டு பாருங்கள். சமன்பாட்டில் x ஐயும் y ஐயும் இடம் மாற்றினால் அதே சமன்பாடுதான், ஆகவே புதிதாக வகையிடத் தேவையில்லை.

முள்ளியவளை_பிள்ளை

-2xy/(x² - y)³. x = y²/3 போட 2/3 வருது சேர்.

அறிவியல்நகர்_முதல்வருடம்

நான் இப்ப x² + xy + y² = 7 க்கும் அதைச் செய்து பார்த்தன். d²x/dy² = -42/(2x + y)³. நிலைக்குத்துத் தொடலி இருந்த புள்ளியில x = -2y, பகுதி (-3y)³. பூச்சியம் இல்லை. வலப்பக்க அந்தலையில y மறை, அதால d²x/dy² மறை, வளையி இடப்பக்கம் மடங்குது. படத்தில கிடக்கிற மாதிரியே.